தரையை அடிப்பதை முதலில் நிறுத்துங்கள்



போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே விஷயத்துக்காக என்னைக் கூப்பிட்டீர்கள். இருவர் என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவர்கள், ஒருத்தி என் நாத்தனார் மருமகள். மூவர் வீட்டிலும் இரண்டு வயதைத் தாண்டிய ஒரு குட்டி. நினைத்தது நடக்காவிட்டால் அக்காவையோ தம்பிப் பாப்பாவையோ ஓங்கி ஒரு அறை. "டீச்சர், அடிச்சா அடங்குவானா, அடிக்காம எப்படி அடக்குறது?" என்பதுதான் மூவரின் கேள்வியும். ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். குழந்தை தூங்கும் நேரத்தில் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டரை வயதுக் குழந்தை அடிப்பதைத் தண்டித்து நிறுத்த முடியாது. அந்தக் கையை நடுவில் தடுத்து நிறுத்தலாம். அந்தக் கைக்கு வேறு வேலை பழக்கிக் கொடுக்கலாம். இந்த இரண்டும்தான் நம் வேலை. இரண்டுக்கும் சத்தம் தேவையில்லை.

குழந்தை தவழும் வயதில் தலை குப்புற விழுந்தால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ஓடிப்போய்த் தூக்கி, "யாரு அடிச்சா? தரை அடிச்சிடுச்சா? இந்தா, தரையை அடி!" என்று நாமும் இரண்டு தட்டு தட்டி, குழந்தையின் கையையும் பிடித்துத் தட்ட வைக்கிறோம். அழுகை நின்றுவிடும், எல்லோரும் சிரிப்போம். கதவு இடித்தால் கதவுக்கு அடி, நாற்காலி இடித்தால் நாற்காலிக்கு அடி. வலித்தால் பக்கத்தில் இருப்பதை அடிக்க வேண்டும் என்ற பாடத்தை ஒரு வயதிலேயே செய்முறையோடு நடத்திவிடுகிறோம். அதே பிள்ளை இரண்டு வயதில், பொம்மை கிடைக்காத வலியில், பக்கத்தில் இருக்கும் அக்காவை அடிக்கிறது. பாடம் சரியாகத்தான் ஏறியிருக்கிறது!

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையை அடித்து உதைப்பதைச் சிறு குழந்தைகளைப் பார்க்க வைத்தார். பிறகு அந்தக் குழந்தைகளை அதே மாதிரி பொம்மை உள்ள அறையில் விட்டார். அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், பார்க்காதவர்களைவிட அதிகமாக அந்தப் பொம்மையை அடித்தார்கள். அதுவும் பெரியவர் எப்படி அடித்தாரோ அதே விதமாக. இத்தனைக்கும் யாரும் அவர்களை அடிக்கச் சொல்லவில்லை.

அதற்காகக் குழந்தை அடிப்பதற்கு நீங்கள் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் வந்தால் கையை ஓங்குவது அந்த வயதின் இயல்பு. கனடாவில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கை ஓங்குவதும் தள்ளுவதும் பெரும்பாலான குழந்தைகளிடம் இரண்டு, மூன்று வயதை ஒட்டித்தான் உச்சத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு குறைகிறது என்று கண்டார்கள். பிள்ளைகள் அடிக்கக் கற்றுக்கொள்வதில்லை, அடிக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அந்த வயதில் ஆசை நிறைய இருக்கிறது, சொற்கள் கொஞ்சம்தான். போதாததற்கு, "நில், செய்யாதே" என்று நம்மை உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கிற மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக வளர இருபது வயதைத் தாண்டும். இரண்டு வயதில் அது நாற்று. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" என்று கத்தினால், சொன்னது நினைவில் இருந்தாலும் அந்தக் கணத்தில் கையை நிறுத்தும் பலம் அதனிடம் இருப்பதில்லை. அந்தப் பலத்தைக் கொஞ்ச காலம் நாம்தான் கடன் கொடுக்க வேண்டும்.

எப்படி என்பதை ஒரு வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். என் பழைய மாணவி வீடு. பெயர் வேண்டாம், இதைப் படித்துவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள். மூத்தவளுக்கு ஆறு வயது. இளையவனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். மாமனார், மாமியார் கூடவே இருக்கிறார்கள். "நாள் முழுக்க அடிக்கிறான் டீச்சர்" என்றாள்.

"நாள் முழுக்கவா? அஞ்சு நாளைக்கு ஒரு நோட்டுல எழுதிவை. எப்போ அடிச்சான், அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, அடிச்ச பிறகு நீங்க எல்லாரும் என்ன செஞ்சீங்க. இந்த மூணு மட்டும் போதும்" என்றேன்.

ஐந்து நாளில் பதினான்கு தடவை. அதில் பத்து, மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில். அந்த நேரத்தில் அக்கா பள்ளியிலிருந்து வந்து கலர் பென்சில்களைத் தரையில் பரப்புகிறாள். அம்மா அடுப்படியில். பையன் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவன், அதற்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. பத்தில் ஏழு தடவை முன்னால் நடந்தது ஒன்றே: அவன் பென்சிலை எடுத்தான், அவள் பிடுங்கினாள். அடித்த பிறகு நடந்ததும் ஏறக்குறைய ஒன்றே: அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள், அவனைத் தூக்கி ஐந்து நிமிடம் அறிவுரை சொன்னாள்.

இந்த மூன்றாவது பத்தியைப் பார்த்ததும் அவளே சொன்னாள்: "அடிச்சாத்தான் நான் வர்றேன், இல்ல டீச்சர்?"

நான் அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதலில் சூழலை மாற்றினோம். ஐந்து மணிக்கே அவனுக்கு ஒரு வாழைப்பழமோ, மசித்த சுண்டலோ. அக்கா வந்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் தரையில் இருவரோடும் உட்காருவது. கையில் போன் கூடாது. அக்காவின் கலர் பென்சில் தரையில் இல்லை, சாப்பாட்டு மேசைமேல், அவன் கைக்கு எட்டாத இடத்தில். இந்த மூன்றிலேயே பாதிச் சண்டை போய்விட்டது. அடிப்பதற்கான சந்தர்ப்பத்தைக் குறைப்பது செல்லம் கொடுப்பதாகாது. ஒன்றாம் வகுப்பில் சண்டைபோடும் இரண்டு பிள்ளைகளை நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார வைக்க மாட்டோம். அதுபோலத்தான் இது.

மீதிப் பாதிக்குத்தான் கையைத் தடுக்கும் வித்தை. கவனமாகப் படியுங்கள், எல்லோரும் தவறுவது இங்கேதான்.

கை ஓங்குவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையிடமும் ஓர் அடையாளம் இருக்கும். இவன் மூச்சை இழுத்து வயிற்றை முன்னால் தள்ளுவான். இன்னொரு குழந்தை உதட்டைக் கடிக்கும். அது தெரிந்ததும் இருவருக்கும் நடுவில் போய்க் குத்துக்காலிட்டு உட்காருங்கள். நின்றபடி மேலிருந்து பேசாதீர்கள். ஓங்கிய கையை உங்கள் உள்ளங்கையால் தடுத்து, மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நசுக்க வேண்டாம். முக்கியமாக, கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கவே கூடாது. அந்த வயதில் முழங்கை மூட்டு எளிதில் நழுவிவிடும். குழந்தை கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூக்க மறுத்தால் அதுதான் அறிகுறி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தடுத்தபோது சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். "அடிக்க விடமாட்டேன்." தினமும் அதே வாக்கியம், தாழ்ந்த குரலில். "நல்ல பிள்ளைங்க அடிப்பாங்களா? அக்கா பாவம்ல? உன்னை அடிச்சா உனக்கு வலிக்காதா?" என்று அடுக்காதீர்கள். அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் காதில் மூன்றாவது சொல்லுக்குமேல் எதுவும் விழாது. முகமும் அப்படித்தான், கோபமும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம்.

தடுக்க முடியாமல் அடி விழுந்துவிட்டால்? முதலில் அடி வாங்கிய குழந்தையிடம் போங்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அவளை மடியில் வைத்து, "வலிச்சிடுச்சா? காட்டு" என்று தடவிக் கொடுங்கள். அடித்தவனை அப்போது திட்டவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். கண் பார்வையில் இருந்தால் போதும். அடித்தால் அம்மா கிடைப்பாள் என்ற கணக்கு அங்கேதான் உடைகிறது. ஒரு நிமிடம் கழித்து அவனிடம் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "பென்சில் வேணும்னு கோபம். அழலாம். அடிக்கக் கூடாது." அவ்வளவுதான். அவன் கத்துவான், புரளுவான். கத்தி முடிக்கும்வரை பக்கத்தில் சும்மா இருங்கள்.

தனியாக மூலையில் உட்கார வைப்பதைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். மூன்று வயதுக்கு மேல், வயதுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில், அமைதியாகச் செய்தால் சில பிள்ளைகளுக்கு உதவும். அதற்குக் கீழே, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் பலன் தருகிறது என்பது என் அபிப்பிராயம். குளியலறையில் போட்டு விளக்கை அணைப்பது, "பூச்சாண்டி வரான், போலீஸ் வரான்" என்பதெல்லாம் எந்த வயதுக்கும் வேண்டாம். பயம் கையை அந்த நிமிடம் நிறுத்தும். ஆனால் நீங்கள் அடுத்த அறைக்குப் போனதும் கை திரும்ப எழும்பும்.

"சாரி சொல்லு, சொன்னாத்தான் விடுவேன்" என்று நிற்க வைப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு வயதுக்கு அது வெறும் சத்தம். வகுப்பில் எத்தனையோ பேர் அடித்துவிட்டு, கேட்பதற்கு முன்பே "சாரி" சொல்லிவிட்டு, திரும்ப அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, அழுகை அடங்கிய பின் அவன் கையால் ஏதாவது செய்ய வையுங்கள். ஈரத்துணி கொண்டுவந்து கொடுக்கலாம், அக்கா கையில் ஊதிவிடலாம். இந்தப் பையனுக்கு ஊதிவிடுவது மிகவும் பிடித்துவிட்டது. மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நாளில் நீங்கள் செய்யுங்கள், அவன் பார்க்கட்டும். அது போதும்.

அடுத்தது மாற்று வேலை. அதை அடிக்கும் நேரத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது. வெள்ளம் வரும்போது நீச்சல் கற்பிக்க முடியுமா? காலையில் வயிறு நிறைந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது விளையாட்டாகச் செய்ய வேண்டும். அவளிடம் இரண்டு பொம்மைகளை வைத்து நடிக்கச் சொன்னேன். யானைப் பொம்மையிடம் பந்து இருக்கிறது, கரடிக்கு வேண்டும். கரடி கையை ஓங்குகிறது, நிறுத்துகிறது, உள்ளங்கையை விரித்து நீட்டி "தா" என்கிறது. யானை கொடுக்கிறது. பிறகு அவனே கரடி. தினமும் ஐந்து நிமிடம். பேச்சு வராத குழந்தைக்கும் உள்ளங்கையை நீட்டுவது வரும். ஓங்கும் அதே கை, வேறு வடிவத்தில். நாலைந்து நாளில் அவன் முதல்முறையாக அக்காவிடம் கையை நீட்டி "தா" என்றானாம். அந்த நொடியில் அம்மா, "அடிக்காம கேட்டியே!" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். "சமத்து" என்று பொதுவாகச் சொல்வதைவிட, அவன் செய்தது என்ன என்று சொல்வதுதான் மனதில் நிற்கும்.

சிலர் "கோபம் வந்தா தலையணையை அடி" என்று பழக்குகிறார்கள். எனக்கு அது தரையை அடித்த கதையின் மறுபதிப்பாகத்தான் தெரிகிறது. கைக்கு வேலை வேண்டுமென்றால் ஓர் உருண்டை சப்பாத்தி மாவைக் கொடுங்கள், பிசையட்டும். தலையணையை இறுக்கிக் கட்டிப்பிடிக்கட்டும்.

இப்போது மூத்தவள் பக்கம் வருகிறேன். இவளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். "நீ பெரியவ, விட்டுக்கொடு" என்று ஆறு வயதுக் குழந்தையிடம் நாளுக்குப் பத்து முறை சொல்கிறோம். ஆறு வயது எந்தக் கணக்கில் பெரிய வயது? ஒவ்வொரு முறையும் அவள் விட்டுக்கொடுத்தால், அடித்தால் கிடைக்கும் என்று அவன் கற்கிறான், அடிவாங்குவது என் கடமை என்று அவள் கற்கிறாள். பெண் குழந்தையாக இருந்தால் இந்தப் பாடம் எவ்வளவு தூரம் கூடவே வரும் என்று என்னைவிட உங்களில் பலருக்குத் தெரியும். அவளுக்கென்று ஓர் அலமாரித் தட்டு, அவள் தர விரும்பாத பொருள்களுக்கு. அவன் "தா" என்று அழகாகக் கேட்டாலும் அவள் "இல்லை" சொல்லலாம். அப்போது அவன் அழுவான். அழட்டும், அந்த அழுகையும் அவன் கற்க வேண்டியதுதான். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது: கையைக் காட்டி "நிறுத்து" என்று உரக்கச் சொல், எழுந்து பெரியவர்களிடம் வா. வந்தால், "கோள் சொல்லாதே" என்று விரட்டாதீர்கள்.

பாட்டி அவளிடம் ரகசியமாக, "நீயும் திருப்பி ஒண்ணு வை, அப்பத்தான் அடங்குவான்" என்று சொல்லியிருக்கிறார். தாத்தாவோ பேரன் அடிப்பதைப் பார்த்து, "ஆம்பளப் புள்ள, அப்படித்தான் இருப்பான்" என்று சிரிக்கிறார். மாமனார் மாமியாரை எதிர்த்துப் பேசி இந்த முறையை நடத்த முடியாது. தேவையும் இல்லை. ஆளுக்கொரு வேலை கொடுக்கச் சொன்னேன். "மாமா, ஐந்தரை மணிக்கு நான் அடுப்படியில இருப்பேன். அவன் வயித்தைத் தள்ளினா, நீங்கதான் நடுவில உட்காரணும்" என்று கேட்டிருக்கிறாள். காவல்காரர் வேலை கொடுத்ததும் தாத்தா சிரிப்பதை நிறுத்திவிட்டார். "அடிக்க விடமாட்டேன்டா ராஜா" என்பது அவர் வடிவம். 'டா ராஜா' இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

முதல் வாரம் நிலைமை மோசமானது. அவள் பயந்து போன் செய்தாள், எண்ணிக்கை கூடிவிட்டது என்று. கூடத்தான் செய்யும். இதுவரை அடித்தால் அம்மா ஓடிவந்தாள், இப்போது வரவில்லை என்றால் குழந்தை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். மின்விசிறி சுற்றாவிட்டால் நாம் சுவிட்சை நாலு தடவை தட்டிப்பார்ப்பதில்லையா? பலர் இந்த வாரத்தில்தான் பொறுமை இழந்து ஓர் அடி வைத்துவிடுகிறார்கள், "அமைதியா சொன்னா கேக்க மாட்டான்" என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். நோட்டில் எழுதுவதை நிறுத்தாதே என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் வாரம் நாளுக்கு ஒன்று. ஆறாம் வாரம் வாரத்துக்கு இரண்டு. நடுவில் காய்ச்சல் வந்தபோது நான்கு நாள் பழைய கதை, சரியானதும் இறங்கிவிட்டது. முழுதாக நிற்கவில்லை. அந்த வயதில் முழுதாக நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"எங்களை நீங்க ஸ்கேலால அடிச்சு வளர்க்கலையா டீச்சர்?" என்று ஒருவன் கேட்பான் என்று தெரியும், யார் என்றும் தெரியும். பள்ளியில் அடிப்பதை 2009 கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்வதற்கு வெகுகாலம் முன்பே என் வகுப்பில் ஸ்கேல் கோடு போட மட்டும்தான். பக்கத்து வகுப்போடு குழப்பிக்கொள்ளாதே!

கடைசியாக, இந்த முறை மட்டும் போதாத இடங்கள். இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை என்றால், அடிப்பதை விட்டுவிட்டு முதலில் காதையும் பேச்சையும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக் கேட்காமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அது 'அடங்காத பிள்ளை' மாதிரியே தெரியும். தன் தலையைத் தானே சுவரில் பலமாக முட்டிக்கொள்வது, இரத்தம் வரும் அளவுக்குக் கடிப்பது, நான்கு வயதைத் தாண்டியும் தினமும் அடிப்பது, இவற்றுக்கும் அப்படியே. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டு வயதுக்காரனையும் அதையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். குளிக்கப் போகும்போது ஒன்று உங்களோடு வரட்டும்.

அந்த மூன்று பேரில் நாத்தனார் மருமகள் மட்டும் இன்னும் நோட்டைத் தொடங்கவில்லை என்று தகவல். ஐந்து நாள் எழுதிவிட்டுக் கூப்பிடும்மா. மாலை ஏழு மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன்.